திங்கட்கிழமை முக்கால் மணி நேரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஜவ்வாது மலைச் சாமை அரிசி விற்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் வாங்கியும் இருப்பீர்கள். அந்த மேசை எப்படி இங்கே வந்தது என்று பேசும்படி செயலாளர் கேட்டார். அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு மீட்டிங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் விற்பனை வேலையில் இருக்கிறார். ‘பைப்லைன் ரிவ்யூ’ என்ற வார்த்தை அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் மெட்ரோ தண்ணீர் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னும் கைக்கு வராத, ஆனால் வரக்கூடும் என்று நாம் நம்புகிற ஆர்டர்களின் பட்டியல்தான் பைப்லைன். வாரம் ஒரு முறை உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்ப்பதுதான் ரிவ்யூ. நான் வேலை பார்த்த காலத்தில் இருபது வருடம் இந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பாதி நேரம் காரணம் கேட்பதிலும் காரணம் சொல்வதிலும் போனது. அதைச் சரியாக நடத்துவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது, ஓய்வு பெற்ற பிறகு, ஜவ்வாது மலையில் ஒரு தகரக் கூரைக் கிடங்கில்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. காவலூர் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர் வரும். மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, புளி, தேன், பலா என்று விளைச்சலுக்குக் குறைவில்லை. விற்பதுதான் பாடு. அங்கே உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு விற்பனை விஷயத்தில் உதவச் சொல்லி ஒரு நண்பர் என்னை அழைத்துப் போனார். உழவர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் இந்த மாதிரி நிறுவனங்களுக்கு 2003 முதல் கம்பெனிச் சட்டத்தில் இடம் உண்டு. 2020இல் மத்திய அரசு புதிதாகப் பத்தாயிரம் நிறுவனங்கள் உருவாக்கும் திட்டத்தை அறிவித்த பிறகு இவை இன்னும் பெருகின. உருவாக்குவதற்கு உதவி கிடைக்கிறது. விற்றுக் காசாக்குவதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

நான் போன நேரத்தில் அவர்களுக்கு ஒரு நஷ்டம் நடந்து முடிந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளச் சாமையைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். சாமையை உமியோடு வைத்திருந்தால் நெடுநாள் கெடாது. உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. உமி போனதும் அது காற்றுப் பட்டுச் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், வண்டும் விழும். தவிட்டையும் தீட்டி வெள்ளையாக்கினால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், ஆனால் சிறுதானியம் கேட்டு வருகிறவர்கள் தவிட்டோடுதான் கேட்கிறார்கள். எனவே எத்தனை கிலோ உடைப்பது, எப்போது உடைப்பது என்ற முடிவு முழுக்க ஆர்டரை நம்பித்தான் இருக்கிறது. ஆர்டர் பட்டியல் பொய் சொன்னால் கிடங்கில் அரிசி கெடும்.

அதுதான் நடந்திருந்தது. 2023 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சிறுதானிய ஆண்டு. விசாரிப்புகள் நிறைய வந்தன. ஒரு பெரிய கடைக்காரர் 600 கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வார மீட்டிங்கில் விற்பனை பார்க்கும் தம்பி, “தொண்ணூறு சதவீதம் உறுதி சார்” என்றான். ஆயிரம் கிலோ சாமையை உடைத்து அறுநூறு கிலோ அரிசியாக்கி மூட்டை போட்டுவிட்டார்கள். கடைக்காரர் அடுத்த வாரம் என்றார், பிறகு தீபாவளி கழித்து என்றார், அப்புறம் போனை எடுக்கவில்லை. கடைசியில் பெரும்பகுதி பறவைத் தீவன விலைக்குப் போனது. உழவர்களுக்குப் பாதிப் பணம் முன்பே கொடுத்திருந்தார்கள். மீதிப் பணம் நின்றுபோனது. அந்தப் பாக்கிக்காரர்கள் வேறு யாரும் இல்லை, அந்த மீட்டிங் அறைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய பங்குதாரர்கள்தான்.

நான் போய் உட்கார்ந்த முதல் மீட்டிங் இப்படி நடந்தது. நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர், விற்பனை பார்க்கும் இரண்டு தம்பிகள், கிடங்கு பார்க்கும் ஓர் அக்கா, இயக்குநர்களில் வயதான ஒரு விவசாயி. செயல் அலுவலர் ஒவ்வொரு பெயராக வாசித்து, “இது ஏன் இன்னும் முடியலை?” என்று கேட்டார். தம்பிகள் பதில் சொன்னார்கள். ஓனர் ஊரில் இல்லை. மழை. சிக்னல் கிடைக்கவில்லை. விலை அதிகம் என்கிறார்கள். “சரி, ஃபாலோ பண்ணு” என்று அடுத்த பெயருக்குப் போனார். இரண்டு மணி நேரம். எழுந்தபோது யார் என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் ஒரு வரி எழுத்து இல்லை.

தம்பிகள் சோம்பேறிகள் இல்லை. அவர்களிடம் கேட்ட கேள்வி அப்படிப்பட்டது. ‘ஏன் முடியவில்லை’ என்று கேட்டால் மனிதனிடமிருந்து காரணம்தான் வரும். அந்தக் கேள்விக்கு அதைத் தவிர வேறு பதில் இல்லை. அதனால் முதலில் கேள்விகளை மாற்றினோம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள், எப்போதும் அதே வரிசையில்.

முதல் கேள்வி: போன வாரத்திலிருந்து இன்றுவரை வாங்குகிறவர் என்ன செய்தார்? கவனியுங்கள், நாம் என்ன செய்தோம் என்று கேட்கவில்லை. நாம் நான்கு முறை போன் செய்திருக்கலாம், இரண்டு முறை பஸ் ஏறிப் போயிருக்கலாம். அது நம் உழைப்பு. அதனால் ஆர்டர் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததாக ஆகாது. அவர் மாதிரிப் பொட்டலத்தைச் சமைத்துப் பார்த்துக் கருத்துச் சொன்னாரா, அளவு சொன்னாரா, முன்பணம் அனுப்பினாரா என்பதுதான் கணக்கு.

இரண்டாவது கேள்வி: அடுத்து யார், என்ன, எந்தத் தேதிக்குள்? ‘ஃபாலோ பண்றோம்’, ‘டச்ல இருக்கோம்’ என்பதை நோட்டில் எழுதவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். செய்து முடித்துவிட்டோமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடியதாக அடுத்த படி இருக்க வேண்டும். ‘வியாழக்கிழமைக்குள் ஓனரிடம் நேரில் பேசி மாத அளவு கேட்பது’ என்றால் அது ஒரு படி.

மூன்றாவது கேள்வி: இதற்கு இந்த அறையில் இருக்கும் யாராவது இன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறதா? விலை குறைக்கலாமா, கடன் கொடுக்கலாமா, இந்த ஆர்டரை விட்டுவிடலாமா. எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருவதற்கான காரணமே இந்தக் கேள்விதான். தகவல் சொல்வதற்கு மட்டும் என்றால் வாட்ஸ்அப் போதும்.

அடுத்ததாக, ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறிக்கும் முறையை மாற்றினோம். ‘தொண்ணூறு சதவீதம்’ என்பதை எடுத்துவிட்டு நான்கு கட்டங்கள் வைத்தோம். விலை விசாரித்தார் என்பது ஒன்று. மாதிரியைச் சமைத்துப் பார்த்துக் கருத்துச் சொன்னார் என்பது இரண்டு. அளவு, விலை, தேதி மூன்றையும் சொல்லி, ஒப்புதல் கொடுப்பவர் யார் என்பதையும் சொன்னார் என்பது மூன்று. எழுத்தில் ஆர்டர் அல்லது முன்பணம் வந்தது என்பது நான்கு. நான்கும் அவர் செய்கிற காரியங்கள். நம் நம்பிக்கைக்கு இதில் கட்டம் கிடையாது. நான்காம் கட்டத்துக்கு வராத ஆர்டருக்காக எந்திரத்தை ஓட்டுவதில்லை என்று ஒரு விதியும் எழுதி, கிடங்கு அக்கா அதைச் சுவரில் ஒட்டினார்.

புது முறையில் நடந்த முதல் திங்கட்கிழமையை நான்கு வரிகளில் சொல்கிறேன். அன்றைக்குப் பட்டியலில் மொத்தம் 8,000 கிலோ அரிசிக்கான ஆர்டர்கள் ‘வரப்போகின்றன’.

முதல் வரி, ஓர் ஏற்றுமதியாளர், 5,000 கிலோ. பட்டியலிலேயே பெரியது, எல்லோருக்கும் பிடித்தது. வாங்குகிறவர் கடைசியாக என்ன செய்தார் என்று கேட்டோம். ஐந்து மாதம் முன்பு விலைப்பட்டியல் வாங்கினார். அதற்குப் பிறகு? ஒன்றுமில்லை. ஆர்டர் முடியும் தேதி என்று நோட்டில் எழுதியிருந்ததை மூன்று முறை அடித்து மாற்றியிருந்தார்கள், மூன்று முறையும் அந்தந்த மாதத்தின் கடைசித் தேதி. இது ஓர் அடையாளம். வாங்குகிறவர் சொன்ன தேதி என்றால் அது 11 என்றோ 23 என்றோ இருக்கும், அதற்கு ஒரு காரணமும் இருக்கும். மாதக் கடைசி என்பது பெரும்பாலும் நாமே போட்டுக்கொண்ட தேதி. அந்த வரியை விடுவதென்று முடிவு. அவராக அழைத்தால் பேசலாம், நாமாகத் துரத்துவதில்லை.

சொல்வது சுலபம். 8,000 ஒரே நொடியில் 3,000 ஆனது. செயல் அலுவலரின் முகம் சுருங்கியது. அப்போது அந்த வயதான இயக்குநர்தான் பேசினார். “இல்லாததை இருக்குன்னு எழுதி வச்சுத்தானே போன தடவை உடைச்சோம்.” அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இரண்டாவது வரி, வேலூரில் ஒரு மொத்தக் கடை, 500 கிலோ. மாதிரி அனுப்பி மூன்று வாரம். அவர் சமைத்துப் பார்த்தாரா? தெரியாது. மூன்றாம் கட்டம் என்று எழுதியிருந்தது ஒன்றாம் கட்டத்துக்கு இறங்கியது. அடுத்த படி: புதன்கிழமைக்குள் மூத்த தம்பி கடைக்கு நேரில் போய், இரண்டாவது மாதிரியை அங்கேயே பொங்கிக் காட்டுவது. ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று தெரியாமல் குழைத்துவிட்டு, ‘நன்றாக இல்லை’ என்று சொல்லத் தயங்கி, போன் எடுக்காமல் இருக்கிற கடைக்காரர்கள் உண்டு.

மூன்றாவது வரி, ஒரு கல்லூரி விடுதி, மாதம் 200 கிலோ. மெஸ் மேலாளருக்குப் பிடித்துவிட்டது, ஆனால் நகரவில்லை. தம்பி வழக்கம்போல, “அவர் பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்” என்றான். ஒப்புதல் கொடுப்பது யார் என்று கேட்டபோதுதான், கொள்முதல் குழு ஒன்று இருப்பதும், அவர்கள் முப்பது நாள் கடன் கேட்பதும் வெளியே வந்தது. ஆறு வாரமாக அவன் அதைச் சொல்லவில்லை. கடன் என்றால் திட்டு விழும் என்று பயம். இங்கே அவனிடம் அடுத்த படி எதுவும் இல்லை, முடிவு எடுக்க வேண்டியது செயல் அலுவலர். பத்து நிமிடம் பேசினோம். முதல் தவணை 100 கிலோ, பதினைந்து நாள் கடன், அந்தப் பணம் வந்த பிறகுதான் அடுத்த மூட்டை. இதை எழுத்தில் வியாழக்கிழமைக்குள் அனுப்புவது, குழு கூடும் தேதியைக் கேட்டு வாங்குவது. ஆறு வாரம் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று கிடந்த வரி, பத்து நிமிடத்தில் வேலையானது.

நான்காவது வரியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு, ஞாயிறு மேசை, மாதம் 40 கிலோ. பொறுப்பு: மேடம்.’ அதாவது நம் குடியிருப்பு. அதாவது நான். போன முறை வந்தபோது, எங்கள் வளாகத்தில் மேசை போட அனுமதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஏழு வாரம் ஆகியிருந்தது. இளைய தம்பி மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “மேடம், அவங்க கடைசியா என்ன செஞ்சாங்க?”

நான் சொன்னேன்: செயலாளர் ஊரில் இல்லை. அப்புறம் லிஃப்ட் பழுது, எல்லோரும் அந்தக் கவலையில் இருந்தார்கள். கமிட்டி ஒரு முறை கூடவே இல்லை. நான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

சொல்லும்போதே எனக்குக் கேட்டது. இருபது வருடம் நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட அதே குரல். ஒவ்வொன்றும் உண்மைதான், லிஃப்ட் நிஜமாகவே பழுது. ஆனால் கமிட்டிக்கு நான் எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. தம்பி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். “அடுத்த படி, தேதி சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்.” வெள்ளிக்கிழமைக்குள் மேசையின் அளவு, நேரம், குப்பையை யார் அகற்றுவது, சங்கத்துக்கு இடக் கட்டணம் உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் செயலாளரிடம் கொடுப்பது என்று எழுதினான். எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. நம் கமிட்டி தாமதம் செய்யவே இல்லை. யாரும் அவர்களிடம் முறையாகக் கேட்டிருக்கவில்லை.

மற்றச் சின்ன வரிகளையும் இப்படியே பார்த்தோம். முடிவில் நான்காம் கட்டத்தில், அதாவது கையில் எழுத்தோ பணமோ இருந்தவை, 400 கிலோதான். நூறு கிலோ சாமைக்குச் சுமார் அறுபது கிலோ அரிசி என்ற அவர்கள் எந்திரக் கணக்கில், அந்த வாரம் 700 கிலோ உடைத்தால் போதும். 8,000 கிலோ என்ற கனவுப் பட்டியல் இருந்தபோது எவ்வளவு உடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 400 என்று தெரிந்ததும் எந்திரம் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதுவரை தெரிந்துவிட்டது.

இந்த மீட்டிங்குக்கு முக்கால் மணி நேரம் போதும். எல்லாத் தகவலையும் ஞாயிறு இரவுக்குள் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். மீட்டிங்கில் நோட்டை நிரப்ப ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். முதல் ஐந்து நிமிடம் போன வாரத்து அடுத்த படிகளை வாசிப்பது. ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற பதில் மட்டும், கதை கிடையாது. அடுத்த ஐந்து நிமிடம் கிடங்கு அக்கா இருப்புச் சொல்வார். பிறகு முப்பது நிமிடம், ஆறு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். எந்த ஆறு? நகர்ந்தவையும், மூன்று வாரத்துக்கு மேல் அசையாதவையும், முடிவு தேவைப்படுபவையும். ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற மாத ஆர்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம், எழுதியதை இளைய தம்பி உரக்க வாசிப்பான்: யார், என்ன, எந்தத் தேதி. யாருக்காவது தன் பெயருக்கு நேரே இருக்கும் வேலை புரியவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

‘காரணம் சொல்லவே கூடாது என்றால், நிஜமாகவே காரணம் இருந்தால்?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மலையில் மழைக்குப் பாதை அடைபடும், பஸ் நிற்கும், அது நிஜம். நாங்கள் கண்டுபிடித்த சோதனை இதுதான்: உண்மையான காரணம் என்றால் அது அடுத்த படியை மாற்றும். ‘பாதை அடைத்துவிட்டது, அதனால் சரக்கை வேறு வழியாகப் புதன்கிழமை அனுப்புகிறேன்’ என்றால் வரியில் ஏதோ மாறியிருக்கிறது. சாக்கு என்றால் சொல்லி முடித்த பிறகும் வரி அப்படியே இருக்கும். போன வாரமும் அதே வாக்கியம், இந்த வாரமும் அதே வாக்கியம். எனவே ஒரே படி இரண்டு வாரம் தொடர்ந்து முடியவில்லை என்றால் மூன்றாம் வாரத்துக்கு அதை அப்படியே எழுத அனுமதி இல்லை. படியை மாற்ற வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும், அல்லது வரியை அடித்துவிட வேண்டும். இந்த மூன்றில் எது என்று அங்கேயே முடிவு.

இதில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் நடத்துகிறவரின் நாற்காலிதான். ஒரு வரியை அடிக்கும்போது, “அப்போ இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தே?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் எதையும் அடிக்க மாட்டார்கள். பட்டியல் மறுபடி வீங்கும். எங்களுக்கு அது மூன்றாம் மாதத்தில் நடந்தது. திட்ட அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்று செயல் அலுவலர் பெரிய எண் காட்ட ஆசைப்பட்டார். அந்த வாரம் நான்கு வரிகள் இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குத் தாவின, நான்கிலும் வாங்குகிறவர் எதுவும் செய்யவில்லை. நோட்டைப் பார்த்த உடனே தெரிந்தது. அன்றிலிருந்து, மேலிடத்துக்குச் சொல்லும் எண்ணுக்கும் இந்த மீட்டிங்குக்கும் சம்பந்தம் வேண்டாம் என்று பிரித்துவிட்டோம். ஒருவரின் வேலையில் குறை இருந்தால் அதையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசுவது.

இந்த மீட்டிங்கால் ஆகாத காரியங்களும் உண்டு. அரிசியில் கல் இருந்தால் எத்தனை திங்கட்கிழமை உட்கார்ந்தாலும் விற்காது. ஆனால் வேலூர்க் கடைக்காரர் வாங்காததற்குக் காரணம் அதுதான் என்பது, தம்பி அவர் கடையில் பொங்கிக் காட்டிய அன்றுதான் தெரிந்தது. பக்குவம் சரியாகவே வந்தது, வாயில் போட்டால் நறநறத்தது. அடுத்த திங்கட்கிழமை முடிவு விற்பனையைப் பற்றி இல்லை, கல் நீக்கும் எந்திரத்தின் சல்லடையை மாற்றுவது பற்றி. பழைய முறையில் அது ‘விலை அதிகம் என்கிறார்’ என்றே இன்னும் ஆறு மாதம் எழுதப்பட்டிருக்கும்.

அதே போல, வாங்குகிறவர்கள் மூன்று நான்கு பேர்தான் என்றால் வாரம் ஒரு முறை என்பது அதிகம். வாரத்துக்குள் அவர்கள் எதுவும் செய்திருக்க மாட்டார்கள், மீட்டிங்கை நிரப்ப நாமே கதை சொல்லத் தொடங்குவோம். சாமை விற்றுத் தீர்ந்து, புளி இறங்குவதற்கு முன் உள்ள வாரங்களில் நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் உட்காருகிறோம்.

நின்றுபோயிருந்த பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த அறுவடைக்கு முன் கொடுத்து முடித்தார்கள். பெரிய ஆர்டர் ஏதும் வந்து அது தீரவில்லை. கெட்டுப்போக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, வந்த பணத்திலிருந்து கட்டினார்கள். கல்லூரி விடுதி இப்போது மாதம் 200 கிலோ எடுக்கிறது, பதினைந்தாம் நாள் பணம் வந்துவிடுகிறது. ஏற்றுமதியாளர் இன்றுவரை அழைக்கவில்லை.

நம் மேசைக்கு வருகிறேன். முதல் ஞாயிறு 40 கிலோ கொண்டுவந்தார்கள், 31 கிலோ விற்றது. அடுத்த நாள் திங்கட்கிழமை, மலையிலிருந்து போன். தம்பி முதல் கேள்வியைக் கேட்டான். வாங்கினார்கள் என்றேன். பி பிளாக்கில் இரண்டு வீட்டில் குழைந்துவிட்டதாம், எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். நோட்டில் ஒரு வரி எழுதி எனக்குப் படம் அனுப்பினான். அதை அப்படியே வாசித்து முடிக்கிறேன்.

‘குடியிருப்பு, சென்னை. 31 கிலோ, பணம் வந்தது. அடுத்த படி: ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று பாக்கெட்டில் சீட்டு ஒட்டுவது. பொறுப்பு: கிடங்கு அக்கா. தேதி: வெள்ளி.’

இந்த முறை வாங்குகிற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சீட்டு இருக்கும்.